வீடு பூட்டியிருந்தது

அது ஒரு புதன்கிழமை. மாதக் கணக்கு முடிக்கிற நேரம் என்பதால் கிண்டி அலுவலகத்தில் தலை நிமிர முடியாத வேலை. இடையில் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். காலையில் Out for Delivery என்று இருந்த இடத்தில் 11.52 மணிக்கு Door Locked என்று மாறியிருந்தது. வந்திருந்தது என்னுடைய புதுப்பித்த பாஸ்போர்ட். வீடு பூட்டித்தான் இருந்தது; அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் காலை 8.15க்குக் கிளம்பினால் இரவு 8 மணிக்குத்தான் திரும்புவேன். கணவர் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மகன் கல்லூரி விடுதியில் இருக்கிறான். தபால்காரர் வரும் நேரத்தில் எங்கள் கதவைத் திறக்க ஆளே கிடையாது.

அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்ததும் எனக்குக் கோவில்பட்டி வீடு ஞாபகம் வந்தது. அந்த வீடும் பகலில் பூட்டித்தான் கிடக்கும். அப்பாவுக்கு மில்லில் வேலை, அம்மா நகராட்சிப் பள்ளி டீச்சர். நானும் தம்பியும் அதே பள்ளியில் படித்தோம். பூட்டிய வீட்டுக்குத் தபால் வருவது எங்கள் தலைமுறைக்கு வந்த புதுச் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். என் அம்மாவுக்கு 1980களிலேயே அது இருந்தது, அதற்கு ஒரு வழியும் செய்து வைத்திருந்தார்.

சாதாரணக் கடிதங்களைத் தபால்காரர் அண்ணாச்சி கதவின் கீழ்ச் சந்து வழியாகத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். பதிவுத் தபாலை அப்படிப் போட முடியாது. பெயருக்கு உரியவர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். அனுப்பியவர் கேட்டிருந்தால் கூடவே ஒரு ஒப்புகை அட்டையும் ஒட்டியிருக்கும். அதிலும் கையெழுத்து வாங்கி அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவார்கள். எதிர்வீட்டு டெய்லர் மாமா எங்களுக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அண்ணாச்சி அவரிடம் பதிவுத் தபாலைக் கொடுக்க மாட்டார். "நீங்க நல்லவுக, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா டீச்சரம்மா எழுதிக் குடுக்கலையே" என்பாராம்.

அந்த 'எழுதிக் கொடுப்பது' என்ன என்று அம்மா தபால் நிலையத்துக்கே போய்க் கேட்டார். போஸ்ட்மாஸ்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, என் பெயருக்கு வரும் தபால்களை இன்ன முகவரிக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு மனு கொடுப்பது. இன்னொன்று, எனக்குப் பதிலாக இன்னார் கையெழுத்திட்டு வாங்கலாம் என்று அதிகாரக் கடிதம் கொடுப்பது. அம்மா முதலாவதை எழுதிக் கொடுத்தார். வீட்டு முகவரிக்கு வரும் பதிவுத் தபால்கள் அதன்பிறகு பள்ளிக்கூட முகவரிக்கு வந்தன. மனு காலத்துக்கும் செல்லாது. குறிப்பிட்ட காலம் முடிந்ததும் மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மா அதை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருப்பார்.

மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்கு அண்ணாச்சி சைக்கிளைப் பள்ளி வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வராந்தாவுக்கு வருவார். சாக்பீஸ் தூள் படிந்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு அம்மா கையெழுத்துப் போடுவார். அந்த வராந்தாதான் அம்மாவின் மாற்று முகவரி.

இரண்டாவது வழியான அதிகாரக் கடிதம் 1986இல் எங்கள் குடும்பத்தில் ஒரு வேலையையே காப்பாற்றியது. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, வங்கி எழுத்தர் தேர்வு எழுதிவிட்டு எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தார். முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில் தூத்துக்குடியில் ஒரு உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதப் போய்விட்டார். கிளம்புவதற்கு முன் அம்மா அவரை உட்கார வைத்து, "என் பெயருக்கு வரும் பதிவுத் தபால்களை என் அண்ணி கையெழுத்திட்டு வாங்கலாம்" என்று எழுத வைத்தார். கீழே சித்தப்பாவின் கையெழுத்து, அதற்கும் கீழே அம்மாவின் மாதிரிக் கையெழுத்து. அதைத் தபால் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துப் பதிவு செய்து கொண்டார்.

ஆறு வாரம் கழித்து நியமன உத்தரவு வந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் வேலையில் சேராவிட்டால் உத்தரவு ரத்து என்று அதில் இருந்தது. அண்ணாச்சி பள்ளிக்கே கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலமே அப்பா பஸ் ஏறித் தூத்துக்குடி போய்ச் சித்தப்பாவைக் கூட்டி வந்தார். அந்தக் கடிதம் மட்டும் இல்லையென்றால், பெயருக்கு உரியவர் ஊரில் இல்லை என்று எழுதி, வைத்திருக்க வேண்டிய நாட்கள் முடிந்ததும் உத்தரவைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். சித்தப்பா முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் கைபேசியில் இருந்த வசதிகளை அம்மா கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார். பாஸ்போர்ட் எந்த நாள் அனுப்பப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. ஆங்கில எழுத்து இரண்டு, எண்கள் ஒன்பது, கடைசியில் IN என்று முடியும் ஸ்பீட் போஸ்ட் எண் கையில் இருந்தது. அதைத் தட்டினால் எந்த அலுவலகத்தில் பையில் கட்டினார்கள், எங்கே பிரித்தார்கள் என்று மணி, நிமிடத்தோடு தெரிந்தது. எல்லாம் தெரிந்தும் அதை அலுவலகத்துக்கு வரவைக்க எனக்கு வழியில்லை.

காரணம் இருக்கிறது, அது நியாயமான காரணம். பாஸ்போர்ட்டை விண்ணப்பத்தில் எழுதிய தற்போதைய முகவரிக்குத்தான் அனுப்புவார்கள். காவல்துறை விசாரணை நடப்பதும் அந்த முகவரியை வைத்துத்தான். தபால்காரர் விண்ணப்பதாரரை நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வேறு ஒருவர் கையில் பாஸ்போர்ட் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்தக் கண்டிப்பை யாரும் குறை சொல்ல மாட்டோம். அதனால் இதற்கு மாற்று முகவரி கிடையாது, அதிகாரக் கடிதமும் உதவாது. மாற்ற முடிந்தது ஒன்றே ஒன்று, நேரம்.

அன்று சாயங்காலம் அனுமதி வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பி, தெருமுனையில் இருக்கும் தபால் நிலையத்துக்கு ஓடினேன். பத்து வருடமாக நான் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் இடம். கவுன்ட்டரில் இருந்தவர் எண்ணைக்கூடக் கேட்கவில்லை. "இது டெலிவரி ஆபீஸ் இல்லைம்மா. இங்க புக்கிங் மட்டும்தான். உங்க தெருவுக்கு போஸ்ட்மேன் வேற ஆபீஸ்ல இருந்து வர்றாரு" என்றார்.

இதைப் படிக்கிற பலருக்கும் இது தெரிந்திருக்காது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான பின்கோடில் ஆறு இலக்கங்கள் இருக்கின்றன. முதல் மூன்று இலக்கங்கள், தபால் எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொல்கின்றன. கடைசி மூன்றும் குறிப்பது டெலிவரி செய்யும் அலுவலகத்தை. ஒரே பின்கோடில் இரண்டு மூன்று தபால் நிலையங்கள் இருக்கலாம், ஆனால் தபால்காரர்கள் கிளம்புவது பெரும்பாலும் அவற்றில் ஒன்றிலிருந்துதான். தபால் துறையின் இணையதளத்தில் பின்கோடைப் போட்டுத் தேடினால் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் எதிரில் Delivery அல்லது Non Delivery என்று காட்டும். என் தெருமுனை அலுவலகத்துக்கு எதிரில் Non Delivery என்றுதான் இருந்தது. சமீபகாலமாகப் பல இடங்களில் தபால்காரர்களைத் தபால் நிலையத்திலிருந்து எடுத்துத் தனி டெலிவரி மையங்களில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதனால் போன வருடம் சரியாக இருந்த தகவல் இந்த வருடமும் சரியாக இருக்கும் என்று நம்பிப் போய்விடாதீர்கள்.

எங்கள் தெருவுக்கான டெலிவரி அலுவலகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். டெலிவரி கவுன்ட்டர் மூடியிருந்தது. உள்ளே இருந்த ஒருவர் வெளியே வந்து, "நாளைக்குக் காலைல ஒன்பதுக்கு மேல வாங்க மேடம், பீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி" என்றார்.

மறுநாள் காலை 9.10க்கு அங்கே நின்றேன். ஒரு டெலிவரி அலுவலகத்தை அந்த நேரத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நீளமான மேஜைகள், தெரு வாரியாகச் சிறு சிறு அறைகள் வைத்த மர அடுக்குகள். தபால்காரர் ஒவ்வொருவரும் தம் பகுதிக்கான கடிதங்களை நடக்கிற வரிசையிலேயே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பகுதியைத்தான் 'பீட்' என்கிறார்கள். கையெழுத்து வாங்க வேண்டியவற்றைத் தனியாக எண்ணிப் பட்டியலில் ஏற்றிக்கொள்கிறார்கள். பத்தரை மணிவாக்கில் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன் போனால்தான் தபாலும் அங்கே இருக்கும், தபால்காரரும் இருப்பார். அவர்கள் கிளம்பியபிறகு போனால், அன்றைக்கும் உங்கள் தபால் அவர் பையோடு உங்கள் பூட்டிய வீட்டுக்குக் கிளம்பியிருக்கக்கூடும். நீங்கள் அலுவலகத்திலும் அவர் உங்கள் வாசலிலுமாக இரண்டாவது நாளும் போய்விடும்.

எங்கள் பீட் பார்ப்பவர் முப்பது வயதுக்குள் இருந்த இளைஞர். அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் என் முகத்தையும் இரண்டு தடவை பார்த்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தார். அதோடு விட்டுவிடவில்லை. "மேடம், நேத்து காலைலயே இங்க போன் பண்ணிச் சொல்லியிருந்தா சனிக்கிழமைக்கு எடுத்து வெச்சிருப்பேன். சனிக்கிழமை எங்களுக்கு டெலிவரி உண்டே" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிய பாடம். நான் எந்தெந்தச் செயலியிலோ 'நேரத்தை மாற்று' என்ற பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். பொத்தான் இல்லாத இடத்தில் ஒரு மனிதர் இருந்தார், அவருக்கு விதியும் இடம் கொடுத்தது. கொண்டுவந்தபோது ஆள் இல்லையென்றால் தகவல் சீட்டு வைத்துவிட்டுத் தபாலை அலுவலகத்தில் ஏழு நாள் வைத்திருப்பார்கள். அந்த ஏழு நாளுக்குள் பெயருக்கு உரியவர் நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏழு நாள் என்பதன் அர்த்தம், அதற்குள் ஒரு சனிக்கிழமை கட்டாயம் வரும் என்பதுதான்.

அந்த ஏழு நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாடியில் குடியிருப்பவரிடம் பார்த்தேன். பாஸ்போர்ட் அனுப்பியதாகக் குறுஞ்செய்தி வந்த அன்றே அவர் தன் சித்தப்பா மகன் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு திருநெல்வேலி போனார். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் பாஸ்போர்ட் வழங்கிய அலுவலகத்துக்கே திரும்பிப் போயிருந்தது. பிறகு அங்கே விவரம் எழுதிக் கொடுத்து, நேரில் போய், ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் வாங்கினார். இத்தனைக்கும் தகவல் சீட்டு அவர் வீட்டுக் கதவு இடுக்கிலேயே இருந்தது.

சீட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இது பாஸ்போர்ட்டைவிடப் பெரிய விஷயம். பூட்டிய வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸும் வரும். வாங்காமல் விட்டால் நோட்டீஸ் வந்ததாகவே ஆகாது என்று படித்தவர்கள் பலரே நம்புகிறார்கள். 1897ஆம் வருடத்துப் பொது உட்கூறுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், மாறாக நிரூபிக்கப்படாதவரை அது போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். காசோலை திரும்பிய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று சி.சி. அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் தெளிவாகச் சொன்னது. தபால், வீடு பூட்டியிருந்தது என்றோ வாங்கவில்லை என்றோ குறித்துத் திரும்பினாலும் நோட்டீஸ் சேர்ந்ததாகவே கருத இடம் உண்டு. எனக்கு நோட்டீஸ் வரவே இல்லை என்று சொல்கிறவருக்கும் நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நீதிமன்றத்தின் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு வழக்கைத் தள்ளச் சொல்லிக் கேட்கலாம். அதனால் கதவு இடுக்கில் ஒரு தகவல் சீட்டைப் பார்த்தால், யார் அனுப்பியது என்று தெரியாவிட்டாலும், பயந்தாலும்கூட, போய் வாங்கிவிடுங்கள்.

பொருட்கள் வாங்குகிற விஷயம் இவ்வளவு கனமானது இல்லை. ஆனால் அங்கேயும் ஒரு நுணுக்கம் எனக்குப் பட்டுத்தான் புரிந்தது. பார்சல் கிளம்பியபிறகு முகவரியை மாற்றப் பார்த்தால் பெரும்பாலும் முடியாது. அது பிடிவாதத்தினால் வருவது இல்லை. பார்சலின் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும் பின்கோடை வைத்துத்தான் அது எந்த வண்டியில் ஏற வேண்டும், எந்தக் கிடங்கில் இறங்க வேண்டும் என்பது முடிவாகிறது. வீட்டுப் பின்கோடுக்கான கிடங்கில் இறங்கிய பார்சலைக் கிண்டிக்குத் திருப்ப வேண்டும் என்றால் மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அதனால் மாற்று முகவரி என்பது பணம் கட்டுவதற்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டியது. கிளம்பியபிறகு நம் கையில் இருப்பது தேதியை மாற்றுவது மட்டும்தான்.

முன்கூட்டியே அலுவலக முகவரியைக் கொடுத்தும் ஒருமுறை ஏமாந்தேன். பல செயலிகளில் முகவரியைச் சேர்க்கும்போது இது வீடா, அலுவலகமா என்று ஒரு கேள்வி வரும். நான் அதைக் கவனிக்காமல் 'வீடு' என்றே விட்டுவிட்டேன். வீடு என்றால் வாரத்தில் எந்த நாளும், ராத்திரி வரைக்கும்கூடக் கொண்டு வரலாம் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு என் பூட்டிய அலுவலக வாசலில் ஒரு பையன் குக்கரோடு நின்று என்னைக் கைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்று மாடி ஏறிய அவனுக்கு நான் என்ன சமாதானம் சொல்வது? அன்றைக்கே போய் அந்தக் குறியை மாற்றினேன்.

வராமலே 'வீட்டில் ஆள் இல்லை' என்று பதிவது வேறு கதை. ஒரு கூரியர் நிறுவனம் எனக்கு இப்படிச் செய்தது. அன்று நான் காய்ச்சலில் வீட்டிலேயே படுத்திருந்தேன். இரவு 8.47க்கு 'ஆள் இல்லை' என்று பதிவு. அழைப்பு எதுவும் வரவில்லை, சீட்டும் இல்லை, காவலாளியின் பதிவேட்டிலும் வண்டி எண் இல்லை. உண்மையாக வந்தவர் இந்த மூன்றில் ஒரு தடயமாவது விட்டுப் போயிருப்பார். வேலை நேரம் முடிகிற சமயத்தில் மொத்தமாகப் பதியப்படும் குறிப்புகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். அன்றைக்கே புகார் கொடுத்தால் மறுநாள் வந்துவிடும். இரண்டு நாள் பேசாமல் இருந்தால் மூன்று முறை முயன்றதாகக் கணக்கெழுதிப் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏற வேண்டும் என்று அவர்களுக்கு வைக்கும் கணக்கு அப்படி.

அம்மாவின் பதிவுத் தபாலும் இப்போது தனியாக இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். 1986 ஆகஸ்டில், சித்தப்பாவுக்கு உத்தரவு வந்த அதே வருடத்தில், தொடங்கிய சேவைதான் ஸ்பீட் போஸ்ட். பெயருக்கு உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்ற பழைய கண்டிப்பு இப்போது ஸ்பீட் போஸ்ட்டுக்குள் ஒரு கூடுதல் வசதி. அனுப்புகிறவர் ஐந்து ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் கட்டினால் அது உண்டு. கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொன்னால்தான் கொடுப்பது என்பதற்கும் அதே ஐந்து ரூபாய்தான்.

வேலைக்குப் போகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கண்டிப்பு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது அனுப்புகிறவர். அதனால் அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார், சாதாரணச் சான்றிதழ் நகல்தான் வரப்போகிறது என்றால் பதிவு வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே முகவரியில் இருப்பவர் வாங்கிக்கொள்ளலாம். சொத்துப் பத்திரம் என்றால் பதிவு போடச் சொல்லி, அலுவலக முகவரியைக் கொடுங்கள். எதுவானாலும் உறையின் மேல் உங்கள் கைபேசி எண்ணை எழுதச் சொல்லுங்கள். தபால்காரர் பூட்டிய கதவின் முன் நிற்கும்போது உங்களைக் கூப்பிட அவருக்கு இருக்கும் ஒரே வழி அந்த எண்தான்.

பாஸ்போர்ட் வாங்கி வந்த அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒங்க போஸ்ட்மேன் பேர் என்ன?" என்றார். கேட்டு வரவில்லை என்றேன். "பேர் கேக்காம வந்துட்டியா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை பதினொன்றரை மணிக்குத் தபால்காரர் எங்கள் தெருவுக்கு வந்தபோது கீழே இறங்கிப் போய்ப் பெயரைக் கேட்டு, டெலிவரி அலுவலகத்தின் எண்ணையும் வாங்கிக்கொண்டேன். இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு முறை, வங்கியிலிருந்து வந்த அட்டைக்கும் மகனின் கல்லூரிச் சான்றிதழுக்கும், காலை ஒன்பதரைக்கு அந்த எண்ணுக்குச் சொன்னேன். இரண்டும் சனிக்கிழமை என் கைக்கே வந்தன.

தபால் துறைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தபாலை அனுப்பச் சில ரயில்வே தபால் அலுவலகங்களில் இரவிலும் கவுன்ட்டர் திறந்திருக்கிறது. வந்த தபாலை வாங்கும் கவுன்ட்டர் மட்டும் நாங்கள் அலுவலகத்தில் இருக்கிற நேரத்தில்தான் திறந்திருக்கிறது. ஒவ்வொரு டெலிவரி அலுவலகத்திலும் வாரத்தில் இரண்டு நாள், மாலை 6.30 முதல் 8 மணி வரை, ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடையாள அட்டையோடு நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.